வரிசையில் நின்று பதில் சொல்வதா, போன் அழைப்புக்குக் காத்திருப்பதா?

திருப்பூரில் சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை எட்டு வருடம் நடத்திய என்ஜினியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாதபடி ஆர்.ஓ. மெம்பரேன், ஆவியாக்கி எல்லாம் ஓட்டிப் பழகியவர். இந்த அனுபவத்துக்குக் காசு தர இரண்டு வகை இணையதளங்கள் இருக்கின்றன.

ஒன்று, காசு கட்டி நிபுணரிடம் கேள்வி கேட்கும் ஜஸ்ட்ஆன்சர் போன்ற தளம். அங்கே கேள்வி ஒரு பொது வரிசையில் வந்து விழும். யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்குத்தான் அது. கால்நடை மருத்துவர், வக்கீல், கார் மெக்கானிக் என்று தினமும் கூட்டம் வரும் துறைகளுக்கு இது சரி. கேட்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். அவர்களுடைய மாலை நேரம் நமக்கு விடியற்காலை. அப்போது திரை முன்னால் இருந்தால்தான் கேள்வி கைக்கு வரும். வாடிக்கையாளர் தரும் நட்சத்திரங்கள்தான் பெயர். ஆனால் மெம்பரேன் அடைப்பைப் பற்றி அங்கே யார் கேட்கப் போகிறார்கள்?

ஜிஎல்ஜி, ஆல்ஃபாசைட்ஸ் போன்றவை வேறு மாதிரி. ஒரு துறையில் பணம் போடப்போகும் நிறுவனம், அந்தத் துறை தெரிந்தவரிடம் போனில் பேசி விவரம் கேட்க இவற்றின் மூலம் ஆள் தேடும். தளத்தின் இடைத்தரகர் மெயிலில் நாலைந்து தேர்வுக் கேள்விகள் அனுப்புவார். அங்கே வேலையை முடிவுசெய்வது அந்தப் பதில்தான். “சுத்திகரிப்பில் நல்ல அனுபவம் உண்டு” என்று எழுதினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். “உப்பை மீட்டுத் திரும்ப ஆலைக்கு அனுப்பும் செலவுக் கணக்கை நான்தான் போட்டேன், ஆவியாக்கி வாங்க மூன்று சப்ளையர்களை ஒப்பிட்டேன்” என்று எழுதினால் கூப்பிடுவார்கள். பதிலை அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும். இரண்டு நாள் போனால் வேறு ஆள் கிடைத்திருப்பார். இங்கே நட்சத்திரம் கிடையாது. சொன்ன நேரத்தில் போனை எடுத்தாரா, தெளிவாகப் பேசினாரா என்று அந்த இடைத்தரகர் நினைவில் வைத்திருப்பதுதான் அடுத்த அழைப்பைக் கொண்டுவரும்.

சரி, கையில் என்ன நிற்கும்? ஓர் உதாரணக் கணக்கு. அழைப்புக்கு மணிக்கு 150 டாலர் கேட்டிருக்கிறார். ஒரு மணி நேரம் என்று சொன்ன பேச்சு 40 நிமிடத்தில் முடிந்துவிட்டது. பேசிய நிமிடத்துக்குத்தான் காசு என்றால் 100 டாலர். ஆனால் நான்கு தேர்வுப் படிவங்களை நிரப்ப ஒரு மணி நேரம் சம்பளமில்லாமல் போயிருக்கிறது. அதில் ஒன்றுதான் அழைப்பானது. ஆக 100 நிமிடத்துக்கு 100 டாலர், மணிக்கு 60. வரிசைத் தளத்தில் ஒரு கேள்விக்குக் கைக்கு 10 டாலர் வந்து, துணைக் கேள்விகளோடு 25 நிமிடம் பிடித்தால் மணிக்கு 24. அழைப்பு மாதக்கணக்கில் வராமலும் போகலாம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இந்த என்ஜினியருக்கு நான் அழைப்பு வழியைத்தான் சொல்வேன். கால்நடை மருத்துவர் என்றால் வரிசைதான். அப்புறம், இப்போது சம்பளம் தரும் நிறுவனத்தின் உள் விவகாரம் எதையும் போனில் பேசக் கூடாது. கேள்வி அந்தப் பக்கம் திரும்பினால் “இதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது” என்று அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.