நனைந்த பின் எது குளிர் தாங்கும்: வாத்துத் தூவியா, பாலியஸ்டர் பஞ்சா?

கேதார்நாத் போய்விட்டுக் காரைக்குடி திரும்பியதும், பெட்டியைத் திறந்து முதலில் வெளியே எடுத்தவை இரண்டு ஜாக்கெட்டுகள். ஒன்று அத்தானுடையது, உள்ளே வாத்துத் தூவி. மற்றது என்னுடையது, உள்ளே பாலியஸ்டர் பஞ்சு, தலையணைக் கடைகளில் ரெக்ரான் என்று சொல்வார்களே, அந்த வகை. இரண்டும் ஒரே மழையில், ஒரே பாதையில் நனைந்தவை. கௌரிகுண்டிலிருந்து ஏறும் சுமார் 16 கிலோமீட்டர் நடையில் பாதி வழியிலேயே எங்கள் பிளாஸ்டிக் மழைக்கோட்டுகள் தோள்பட்டையில் கிழிந்துவிட்டன. அதன் பிறகு நான்கு மணி நேரம் நனைந்தபடியே நடந்தோம்.

விடுதி அறையில் அத்தான் தன் ஜாக்கெட்டைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்தார். தையல் கட்டங்கள் ஒவ்வொன்றிலும் தூவி முழுவதும் கீழ் ஓரத்துக்கு இறங்கி, ஊறவைத்த புளி உருண்டையைப் போலச் சுருண்டு கிடந்தது. மேலே மிச்சம் இருந்தது வெறும் துணி; அதன் வழியே விளக்கின் வெளிச்சம் அப்படியே தெரிந்தது. கனமும் கூடியிருந்தது. "மாப்பிள்ளை, இதைப் போட்டால் ஈர வேட்டியைப் போர்த்தியது போல இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அதைக் கழற்றி வைத்து இரண்டு கம்பளிகளுக்குள் புகுந்துகொண்டார்.

என் ஜாக்கெட்டிலும் தண்ணீர் சொட்டத்தான் செய்தது. துண்டை விரித்து, அதன் மேல் ஜாக்கெட்டைப் போட்டு, சப்பாத்தி மாவைச் சுருட்டுவது போலச் சேர்த்துச் சுருட்டி அழுத்தினேன். பிறகு நான்கு உதறு உதறியதும் அது மறுபடி உப்பியது. பழைய தடிமனில் முக்கால் பங்காவது இருக்கும். காய்ந்த உள்சட்டையின் மேல் போட்டுக்கொண்டேன். முதல் கால் மணி நேரம் நடுக்கம்தான்; பிறகு மெல்லச் சூடு பிடித்தது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எளிது. எந்தக் குளிர் ஜாக்கெட்டும் சூட்டை உண்டாக்குவதில்லை. உள்ளே அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்பின் சூட்டை வெளியே போகவிடாமல் தடுக்கிறது. பஞ்சின் வேலை அந்தக் காற்றைப் பிடித்து வைப்பது மட்டுமே. அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் எந்தப் பஞ்சும் குளிரத்தான் செய்யும். "நனைந்தாலும் சூடு தரும்" என்று பாலியஸ்டர் ஜாக்கெட்டுகளின் அட்டையில் எழுதுவதை அப்படியே நம்பிவிடக் கூடாது. நனைந்த பாலியஸ்டர், காய்ந்த பாலியஸ்டரைவிட நிச்சயமாகக் குளிரும். உடம்புச் சூட்டால் அதைக் காய வைத்தால் அந்தச் சூடும் நம்மிடமிருந்துதான் போகிறது.

அப்படியானால் அது ஜெயிப்பது எங்கே? தூவி என்பது நம் தலைமுடியைப் போல கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து எல்லாப் பக்கமும் கிளைக்கும் நூலிழைகள், அந்த இழைகளில் இன்னும் மெல்லிய இழைகள். காய்ந்த நிலையில் இவை ஒன்றையொன்று தள்ளி விரித்துக்கொண்டு நிற்கும். நனைந்ததும் தண்ணீரின் ஒட்டும் தன்மை அந்த மெல்லிய இழைகளை ஒன்றோடொன்று சேர்த்து இழுத்துவிடும். விரித்து நிறுத்தும் பலம் அவற்றுக்குக் கிடையாது. போதாக்குறைக்குக் கெரட்டின் தானும் ஈரத்தை உறிஞ்சுகிறது. பாலியஸ்டர் இழை உறிஞ்சுவது அதன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவு. தண்ணீர் இழைகளுக்கு இடையில் தங்குமே தவிர இழைக்குள் போகாது. இழையும் விறைப்பானது. பிழிந்துவிட்டால் தண்ணீர் போகும், இழை நிமிரும், காற்று திரும்பி வரும். 1980களில் அமெரிக்க ராணுவம் தூவிக்கு மாற்றாக, நனைந்தாலும் அமுங்கிப் போகாத ஒன்றைக் கேட்டபோதுதான் ஆல்பனி இன்டர்நேஷனல் நிறுவனம் பிரைமாலாஃப்ட் என்ற பாலியஸ்டர் பஞ்சை உருவாக்கியது. வேண்டியது இந்தக் குணம்தான்.

தண்ணீர் ஒட்டாதபடி மருந்து பூசிய தூவியும் கிடைக்கிறது. அது நனைவதைத் தாமதப்படுத்தும். நாள் முழுக்கக் கொட்டும் மழையைத் தாங்காது.

தூவிக்கு நியாயம் செய்ய வேண்டும். காய்ந்திருக்கும்வரை அதற்கு இணை இல்லை. அதே சூட்டுக்குப் பாலியஸ்டர் கூடுதல் கனமும் கூடுதல் இடமும் கேட்கும். லடாக்கின் உலர்ந்த குளிருக்கு நான் தூவியைத்தான் எடுத்துப் போவேன். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் தூவி பல ஆண்டுகள் உப்பி நிற்கும். பாலியஸ்டரோ பைக்குள் திணித்துத் திணித்து எடுக்க எடுக்க, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகி அப்படியே நின்றுவிடும். மழைக்காலத்து இமயம், சாரல் அடிக்கும் கொடைக்கானல் என்று ஈரக் குளிருக்குப் போகிறவர்கள் பாலியஸ்டர் வாங்குவதே சரி. செட்டிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: துவைத்துக் காயவைக்கும் வேலை. தூவியைத் துவைத்தால் சூடான காற்றில் உருட்டும் டிரையரில் மணிக்கணக்கில் போட்டு, கட்டிகளை உடைக்க உள்ளே டென்னிஸ் பந்துகளையும் போட வேண்டும். எங்கள் தெருவில் டிரையர் உள்ள வீடு எதையும் நான் பார்த்ததில்லை.

இனி துவைப்பது. பாலியஸ்டர் பஞ்சைத் தண்ணீர் கெடுப்பதில்லை. முறுக்கலும் சூடும்தான் கெடுக்கின்றன. இதை நான் கற்றது ஒரு ஜாக்கெட்டைப் பறிகொடுத்த பிறகுதான். சில ஆண்டுகளுக்கு முன் மகனின் ஜாக்கெட்டை அம்மா, பள்ளிச் சட்டைக்குச் செய்வது போலவே, கொதிக்கும் வெந்நீரில் சோப்புத் தூள் போட்டு ஊறவைத்து, முறுக்கிப் பிழிந்து, கொடியில் தொங்கவிட்டு, சுருக்கம் போகட்டும் என்று கையை இஸ்திரியும் போட்டுவிட்டார். இஸ்திரி போட்ட கையை விரலால் அமுக்கிப் பார்த்தால் காகித அட்டையைப் போல இருந்தது. கொடியில் தொங்கியதில் முதுகுப் பக்கத்துப் பஞ்சு தண்ணீரின் கனத்தால் பிய்ந்து இடுப்புக்கு இறங்கியிருந்தது. பாலியஸ்டர் 250 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்றாலும், 70, 80 டிகிரியிலேயே இழை இளகத் தொடங்குகிறது. அந்த நிலையில் எந்த வடிவில் அமுக்குகிறோமோ, ஆறியதும் அதே வடிவில் உறைந்துவிடும். இஸ்திரிப் பெட்டி அதைத்தான் செய்தது. அதை மீட்க வழி இல்லை.

அந்த அனுபவத்தோடு கேதார்நாத் ஜாக்கெட்டைத் துவைத்தேன். முதலில் சமையலறைத் தராசில் நிறுத்தேன்: 560 கிராம். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது பிறகு பெரிய உதவி. ஜாக்கெட்டின் உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டைப் படித்தேன். 30 டிகிரி, வெளுப்பு மருந்து கூடாது, இஸ்திரி கூடாது என்று இருந்தது. பைகளைக் காலி செய்து, எல்லா ஜிப்புகளையும் மூடி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினேன். கழுத்துப்பட்டை, மணிக்கட்டு இரண்டிலும் இருந்த எண்ணெய் அழுக்கில் மட்டும் நீர்ம சோப்பைத் தொட்டு விரலால் தேய்த்தேன். பிரஷ் போட்டால் மேல்துணியில் பிசிறு எழும்.

மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் நம் ஊரில் நண்பகலில் கையைச் சுடும், காலையிலேயே பிடித்துவிட்டேன். பெரிய அண்டாவில் 15 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி நீர்ம சோப்பு. அதற்கு மேல் வேண்டாம். நுரை பஞ்சுக்குள் தங்கினால் வெளியே எடுப்பது கடினம். தங்கிய சோப்பு ஈரத்தை இழுக்கும், அடுத்த மழையில் ஜாக்கெட் விரைவில் நனையும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்புக் கட்டி போட்டால் வெள்ளைத் திரி திரியாகப் படியும், ஆகவே கட்டி வேண்டவே வேண்டாம். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவமும் வேண்டாம். அது இழையின் மேல் படலமாகப் படிந்து, உப்பும் தன்மையையும் மேல்துணியின் நீர் விலக்கும் பூச்சையும் மங்கவைக்கிறது. பத்து நிமிடம் ஊறவைத்து, உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி விட்டேன். நுரை வருவது நிற்கும்வரை மூன்று முறை அலசினேன்.

இயந்திரத்தில் துவைப்பதானால் முன்பக்கம் திறக்கும் வகையில், மென்துணி ஓட்டத்தில் போடலாம். மேலே திறந்து, அடியில் தட்டு சுழலும் வகை ஜாக்கெட்டைக் கயிறாக முறுக்கும். அதில் நான் துவைப்பதில்லை. மழை புகாத மேல்துணி உள்ள ஜாக்கெட்டை எந்த இயந்திரத்திலும் வேகமாகச் சுழற்றாதீர்கள். துணிக்குள் தண்ணீர் பைபோலத் தேங்கி, ஒரு பக்கம் கனமாகி, இயந்திரம் எகிறி ஆடும்.

அண்டாவிலிருந்து தூக்கும்போது தோளைப் பிடித்துத் தூக்கக் கூடாது. இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டி எடுப்பது போல எடுக்க வேண்டும். கையால் அழுத்தி வடித்த பிறகு நிறுத்தேன்: 1,400 கிராம். என் ஜாக்கெட்டின் மேல்துணி சாதாரண நைலான் என்பதால் குறைந்த வேகத்தில் இரண்டு நிமிடம் சுழற்றினேன். 800 கிராமுக்கு இறங்கியது. வேகமான சுழற்சி இன்னும் குறைக்கும், ஆனால் பஞ்சை உருளையின் சுவரோடு அறைந்து மடிப்பு விழச் செய்யும்.

காயவைக்க நம் வீடுகளில் இருப்பதைவிட நல்ல கருவி இல்லை: கயிற்றுக் கட்டில். வளவில் நிழல் விழும் பக்கத்தில் கட்டிலைப் போட்டு, ஜாக்கெட்டைக் கை விரித்துப் படுக்க வைத்தேன். கீழிருந்தும் மேலிருந்தும் காற்று போகும், கனம் எந்தத் தையலையும் இழுக்காது. முற்றத்து வெயில் நேராகப் படும் இடம் வேண்டாம். சாயமும் நைலானும் வெளிறும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தட்டினேன். காலை ஒன்பதுக்குப் போட்டது மாலை ஆறுக்கு 575 கிராம். தொட்டால் காய்ந்தது போலத்தான் இருந்தது. ஆனால் கழுத்துப்பட்டையையும் அக்குளையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ந்தது. துணி இரட்டையாக மடிந்த அந்த இடங்கள்தான் கடைசியில் காயும். இரவு மின்விசிறிக்கடியில் கிடந்து, காலையில் 560.

அத்தானின் தூவி ஜாக்கெட்டையும் அதே முறையில் துவைத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டிருந்தோம். அதன் கட்டிகளை விரலால் ஒவ்வொரு கட்டமாகப் பிரித்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் லேசாக ஈர நாற்றமும் எழுந்தது. பழைய எடைக்கு அது திரும்ப மூன்றாம் நாள் மாலை ஆயிற்று. ஐப்பசி அடைமழையில் என்றால் நான் அதைத் துவைக்கவே துணியமாட்டேன்.

காய்ந்த என் ஜாக்கெட்டைப் பைக்குள் திணிக்கவில்லை. அகலமான ஹேங்கரில் மாட்டி, அலமாரியில் இரண்டு பக்கமும் நெருக்கம் இல்லாமல் தொங்கவிட்டிருக்கிறேன். காய்ந்த பிறகு தொங்குவதால் பஞ்சு இறங்காது. எடைச் சீட்டு அதன் பையிலேயே இருக்கிறது.