பாதி விலைக்கு வந்திருக்கும் பேஸ்மென்ட் பார்க்கிங் பேக்: நெடுநாள் பயன்படுத்தியதில் தெரிந்தது

அன்ரியல் எஞ்சினில் நான் நெடுநாளாக வைத்துப் புழங்கும் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங் பேக்கின், அதாவது தூண், குழாய், விளக்கு எல்லாம் சேர்ந்த 3டி தொகுப்பின், விலை இப்போது பாதியாகியிருக்கிறது. கார் விளம்பரங்களுக்கு ரெண்டர் செய்து கொடுக்கும் தம்பி ஒருவர் "வாங்கலாமாண்ணே?" என்று கேட்டார். ஃபோனில் ஒரு வார்த்தையில் முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். எத்தனை தூண், எத்தனை குழாய், ராம்ப் உண்டா இல்லையா என்பதையெல்லாம் விற்பவர்களே சொல்லிவிடுகிறார்கள். நான் அதற்குள் போகவில்லை.

முதலில் வெளிச்சம், ஏனென்றால் இந்த பேக்கை நான் விடாமல் வைத்திருப்பதே அதற்காகத்தான். பேஸ்மென்ட் என்றதும் பலர் விளக்கையெல்லாம் குறைத்து, நாலு மூலையையும் கறுப்பாக்கிவிடுவார்கள். பார்த்தால் பேய்ப்படம் மாதிரி இருக்கும், பார்க்கிங் மாதிரி இருக்காது. உண்மையான பேஸ்மென்டில் வெளிச்சம் குறைவு, ஆனால் இருட்டு இல்லை. ஐரோப்பியத் தரமான இஎன் 12464-1 பார்க்கிங் பகுதிக்கு 75 லக்ஸ் கேட்கிறது. எழுதும் வேலை நடக்கும் அலுவலக மேசைக்கு அதே தரம் கேட்பது 500 லக்ஸ். 75 லக்ஸை கேமரா கணக்கில் சொன்னால் EV100 ஏறக்குறைய 5. இந்த பேக்கைச் செய்தவர் போஸ்ட் ப்ராசஸ் வால்யூமில் Min EV100, Max EV100 இரண்டையும் அந்த இடத்திலேயே பூட்டி வைத்திருக்கிறார். இந்தப் பூட்டு இல்லாமல் தூண்களையும் விளக்குகளையும் மட்டும் எடுத்து வேறு லெவலில் போட்டுப் பாருங்கள். எஞ்சினின் தானியங்கி எக்ஸ்போஷர் மொத்தப் படத்தையும் தூக்கிச் சாம்பல் நிறமாக்கிவிடும். கேமராவை விளக்கடியிலிருந்து மூலைக்குத் திருப்பினால் மூலை மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே வரும். நிஜமாகத் தெரியவில்லையே என்று மெட்டீரியலைக் குறை சொல்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது விளக்குகள் இருக்கும் இடம். டியூப்லைட்டுகள் எல்லாம் கார் ஓடும் பாதைக்கு மேலேதான் வரிசையாக இருக்கின்றன, வண்டி நிற்கும் கட்டத்துக்கு மேலே ஒன்றுகூட இல்லை. நிறைய கட்டடங்களில் நிஜத்திலும் இப்படித்தான். அதனால் நிறுத்திய காரின் பின்பக்கம் வெளிச்சத்தில் இருக்கும், சுவரைப் பார்த்த மூக்கு மங்கலாக இருக்கும், தூணின் நிழல் கட்டத்தின் குறுக்கே சாய்ந்து விழும். குறைந்த விளக்கில் இடத்தின் ஆழம் புரிவது இந்த ஏற்ற இறக்கத்தால்தான். இருட்டு மூலைகளை நிரப்ப நிழல் விழாத விளக்குகளை ரகசியமாகச் செருகிவைப்பது இந்த மாதிரி பேக்குகளில் சாதாரணம். தேடிப் பார்த்துவிட்டேன், இதில் அப்படி ஒன்றும் இல்லை. எல்லாம் விளக்கிலிருந்து கிளம்பித் தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒளிதான்.

அப்புறம் கூரைக் குழாய்கள். இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். விளக்குகள் குழாய்களுக்குக் கீழே தொங்குகின்றன, ஒளியைக் கீழ்நோக்கித்தான் வீசுகின்றன. ஆகவே குழாயின் அடிவயிற்றுக்கு நேரடி வெளிச்சமே கிடையாது, தரையில் பட்டு எழும் ஒளி மட்டும்தான். தரையில் பச்சை எபாக்சி பூசியிருக்கிறது. கேமராவை அண்ணாந்து வைத்து, சாம்பல் நிற வடிகால் குழாயின் அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் பார்த்தால் அங்கே லேசாகப் பச்சை ஏறியிருக்கும். பக்கத்தில் ஓடும் சிவப்பு ஸ்பிரிங்க்ளர் குழாயின் அடியில் அதே பச்சை பட்டு, சிவப்பு கொஞ்சம் செத்துப்போய்ப் பழுப்பாகத் தெரியும். யாரும் கைவண்ணமாகப் பூசியதல்ல, ஒளி தானாகச் செய்வது. ஆனால் அதற்கு மெட்டீரியலின் நிறங்கள் நேர்மையாக இருக்க வேண்டும். வெள்ளைச் சுண்ணாம்பு திருப்பி அனுப்பும் ஒளியின் பங்கை 0.95 என்று வைத்தால் ஒளி சுவருக்குச் சுவர் எகிறிக்கொண்டே இருக்கும், பேஸ்மென்ட் குணமே போய்விடும். இவர் 0.75க்கு மேலே விடவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஸ்பிரிங்க்ளர் குழாயில் தண்ணீர் அழுத்தத்தில் நிற்பது, அதனால் அது உத்தரத்துக்கு இணையாக நேராக ஓடலாம். வடிகால் குழாய் அப்படி ஓட முடியாது, தண்ணீர் தானே இறங்கிப்போக வாட்டம் வேண்டும். இந்த பேக்கில் அந்தச் சாம்பல் குழாய் 100க்கு 1 என்ற கணக்கில் சரிகிறது. 8 மீட்டர் போனால் 8 சென்டிமீட்டர் இறக்கம். நேராகப் பார்த்தால் யார் கண்ணிலும் படாது. ஆனால் உத்தரத்தின் அடிக்கோட்டோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக அகலும், தாங்கும் கம்பிகளும் ஒவ்வொன்றாக நீளும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்த்தவர்தான் இதைச் செய்திருக்க முடியும். அவருக்கு என் மரியாதை.

இவ்வளவையும் மனதாரச் சொல்லிவிட்டுத்தான் அந்தத் தூண்களுக்கு வருகிறேன்.

தூண்களின் அடிப்பகுதியில் 120 சென்டிமீட்டர் உயரத்துக்கு மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. பார்க்க அருமை. பம்பர் உரசிய இடத்தில் பெயின்ட் உரிந்து கான்கிரீட் தெரிகிறது. ஆனால் பட்டை முழுவதும் டெக்கால், கட்டங்களின் வெள்ளைக் கோடுகளும் டெக்கால். அதாவது ஸ்டிக்கரைப் போல மேலே ஒட்டியது, பரப்பின் மெட்டீரியலில் இல்லை. அன்ரியலின் ஒளிக் கணக்கீட்டு முறையான லூமென், பிரதிபலிப்பைக் கணக்கிடும்போது முதலில் திரையில் தெரியும் படத்துக்குள்ளேயே தேடும். அங்கே கிடைக்காவிட்டால், காட்சியைச் சுருக்கித் தனியாக வைத்திருக்கும் நகலில் தேடும். அந்த நகலில் டெக்கால் ஏறுவதில்லை.

இதனால் என்ன ஆகிறது? கார் கதவின் கீழ்ப்பாதி எப்போதும் தரையைத்தான் காட்டும். நிஜ பார்க்கிங்கில் அங்கே வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து ஓடும், காரின் உடல்வளைவைக் கண்ணுக்குக் காட்டுவதே அந்தக் கோடுதான். இந்த பேக்கில் கேமரா தள்ளி நின்று, கோடும் ஃப்ரேமுக்குள் இருக்கும்வரை அது கதவில் தெரியும். கதவை நோக்கி நெருங்குங்கள். தரைக்கோடு ஃப்ரேமை விட்டு வெளியேறும் அதே நொடியில் கதவிலிருந்தும் அழிந்துபோகும். தூண் பட்டையும் அப்படியே, எபாக்சி தரையில் விழுந்த மஞ்சள் திடீரென்று வெறும் வெள்ளைத் தூணாக மாறிவிடும். ஸ்டில் படத்தில் தப்பித்துவிடலாம். கேமரா நகரும் ஷாட்டில் வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார், எனக்கு அது நடந்திருக்கிறது.

உங்கள் கையிலிருக்கும் எந்த பேக்கிலும் இதை உடனே சோதிக்கலாம். கன்சோலில் இதை அடியுங்கள்:

```
r.Lumen.Reflections.ScreenTraces 0
```

திரைக்குள் தேடும் வேலை நின்றுவிடும். அப்போது பிரதிபலிப்பில் எதெல்லாம் காணாமல் போகிறதோ அதெல்லாம் நகலில் இல்லை என்று அர்த்தம். வியூ மோடில் Lumen Scene என்பதைத் தேர்ந்தெடுத்தாலும், பட்டையில்லாத மொட்டைத் தூண்கள் வரிசையாக நிற்பது தெரியும்.

சரிசெய்ய வழி இருக்கிறது. தூணிலிருந்து டெக்காலை அகற்றிவிட்டு, பட்டையைத் தூணின் மெட்டீரியலுக்குள்ளேயே எழுதிவிட்டேன். கஸ்டம் நோடில் மூன்று வரி போதும். WorldPos, அந்தத் தளத்தின் தரைமட்டமான FloorZ, மூன்று நிறங்கள் ஆகியவற்றை உள்ளீடாகக் கொடுக்க வேண்டும், வெளியீட்டை Float3 என்று வைக்க வேண்டும்.

```
float h = WorldPos.z - FloorZ;
float band = step(0.5, frac(h / 40.0));
return (h < 120.0) ? lerp(Black, Yellow, band) : White;
```

20 சென்டிமீட்டருக்கு ஒரு பட்டை, அடியில் கறுப்பில் தொடங்கும், 120க்கு மேலே வெள்ளை. இரண்டு தளம் இருந்தால் FloorZ ஒவ்வொரு தளத்துக்கும் மாறும். உரிந்த பெயின்டை மட்டும் டெக்காலாக விட்டுவிட்டேன், பிரதிபலிப்பில் அது இல்லாவிட்டால் யாரும் தேட மாட்டார்கள்.

தரைக்கோடுகள் இன்னும் படுத்தும். கோட்டைத் தரை மெட்டீரியலில் மாஸ்க்காகச் சேர்ப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. ஆனால் இந்த பேக்கில் மொத்தத் தரையும் ஒரே மெஷ். லூமென் வைத்திருக்கும் நகலில் அவ்வளவு பெரிய தரைக்குக் கிடைக்கும் நுணுக்கம் குறைவு, 10 சென்டிமீட்டர் அகலக் கோடு அதில் பஞ்சாகக் கரைந்துவிடும். தரையைக் கட்டம் கட்டமாக வெட்டினேன், அது பாதிதான் உதவியது. முழுத் தீர்வு ஹார்ட்வேர் ரே ட்ரேசிங்கை இயக்கி, Ray Lighting Mode என்பதை Hit Lighting for Reflections என்று மாற்றுவதுதான். அப்போது கதிர் படும் இடத்திலேயே மெட்டீரியலைக் கணக்கிடுவதால் கோடு கூர்மையாகத் தெரியும். அதற்கு கிராபிக்ஸ் கார்டு கொடுக்கும் விலையும் அதிகம். பழைய கார்டில் வியூபோர்ட் திணறும்.

விற்பவருக்கு எழுதிக் கேட்டேன். வேண்டாதவர்கள் எளிதாக எடுத்துவிடத்தான் டெக்காலாக வைத்தோம் என்று பதில் வந்தது. நியாயமான காரணம்தான், மறுக்கவில்லை. குழாயின் வாட்டம்வரை யோசித்த ஒருவர், பார்க்கிங்கில் கார் நிற்கும், காரில் தரை தெரியும் என்பதை யோசிக்கவில்லையே என்பதுதான் என் கோபம். திசை அம்புக்குறிகள் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானவை என்பதும் உண்டு, அதைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். எழுத்து இருக்கும் பலகைகளை மட்டும் திருப்பாதீர்கள்.

தம்பி, உங்களுக்கு என் பதில்: வாங்க வேண்டாம், பாதி விலைக்குக்கூட. ஆட்கள் நடந்துபோகும் குறும்படக் காட்சிக்கோ விளையாட்டுக்கோ கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன், இதைவிட நல்ல கூரையை நான் பார்த்ததில்லை. உங்களுக்கு வேண்டியது கதவும் பானெட்டும். அதற்குத் தரையையும் தூணையும் நீங்களே செய்ய வேண்டியிருக்கும், அவை பெட்டியும் கோடும்தான், உங்கள் கைக்கு வரும். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு கறுப்பு காரை நிறுத்தி, மேலே சொன்ன கட்டளையை அடித்து, கதவின் கீழ்ப்பாதியைப் பார்த்துவிடுங்கள்.