வாசல் கதவுக்கு மெலமைனா, பியூவா?

மெலமைன், பியூ எனும் பாலியூரிதேன் இரண்டும் மரத்துக்குப் பூசும் மெருகுப் பூச்சுகள். உள்ளறைக் கதவுக்கு மெலமைன் போதும். சீக்கிரம் காயும், செலவும் குறைவு. வாசல் கதவு அப்படியல்ல. வெயிலில் மரம் சுருங்கும், மழையில் உப்பும். மெலமைன் படலம் கெட்டியானது, ஆனால் வளையாது. அதனால் மயிரிழை வெடிப்பு விடும். அதில் தண்ணீர் இறங்கி, வெள்ளைத் திட்டாகி, உரியும். வெளிப்புறத்துக்கான பியூ கொஞ்சம் வளைந்து கொடுக்கும், வெயிலையும் தாங்கும். நான் அதைத்தான் சொல்வேன். இவற்றுக்குப் பதில் மரத்துக்கான எண்ணெய் பூசினால் உரியாது, ஆனால் அடிக்கடி பூச வேண்டும்.

எதைப் பூசினாலும் தேய்ப்பில்தான் விஷயம். 120, 180, 240 என்ற எண்வரிசையில் உப்புத்தாளை மாற்றி, மர ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே இழுத்த கீறல் அப்போது தெரியாது. சாயமோ, மரத் துளைகளை அடைக்கும் அடிப்பூச்சான சீலரோ பட்டதும் கோடு கோடாகப் பல்லிளிக்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் முன்பே பிடிபடும். சீலர் காய்ந்ததும் 320 எண் தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு மேல்பூச்சு.

அப்புறம், கதவைக் கழற்றி அடிவிளிம்புக்கும் பூசுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.