20ஆம் தேதி நேர்காணல்: தேதியை மாற்றுவதா, நேரத்தை மாற்றுவதா, வீடியோவில் முடிப்பதா?

என் சித்தி மகன் தங்கச்சிமடத்திலிருந்து தினமும் இராமநாதபுரம் வந்து ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறான். இந்த ஜனவரியில், பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, 13ஆம் தேதி சாயங்காலம் மதுரை நிறுவனம் ஒன்றிலிருந்து அவனுக்கு மெயில் வந்தது. 20ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு நேர்காணல். அன்றைக்குத்தான் மாதாந்தர ஜிஎஸ்டி ரிட்டர்னான `GSTR-3B` தாக்கல் செய்யக் கடைசி நாள்.

கணக்கு வேலை தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். 20 தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. முன்கூட்டியே முடித்துவிடலாமே என்றால், இவன் பார்ப்பதெல்லாம் ஐஸ் பிளாண்ட், படகு இன்ஜின் உதிரிபாகக் கடை மாதிரி கடலோரக் கணக்குகள். கொள்முதல் பில் 18, 19 தேதிகளில்தான் கைக்கு வரும். அதோடு, தனி உரிமையாளர் கடை என்றால் தாக்கலை முடிக்கும் ஓடிபி முதலாளியின் போனுக்குத்தான் போகும். அவர் பாம்பன் கரையில் ஏலத்தில் நிற்பார். கூப்பிட்டு, எண்ணை வாங்கி, உடனே போட வேண்டும். இந்த வேலையை இன்னொருவரிடம் பாதியில் கொடுத்துவிட்டுப் போக முடியாது.

அவனுக்கு முதலில் தோன்றியது வீடியோ. "அண்ணே, ஆபீஸ் மாடியில நின்னு அரை மணி நேரம் பேசிட்டு வந்துடுறேன்" என்றான். தேதி மாறாது, மதுரைக்கு அலைய வேண்டாம், கேட்பதற்கும் எளிது. வேறு நாளாக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். ஆனால் கடைசி நாளில் போர்ட்டல் மெதுவாகும், போன் விடாமல் அடிக்கும். அந்தப் பக்கம் வேலை பற்றிக் கேட்கும்போது இவன் மனது ஓடிபியில் இருக்கும். இப்போதைய முதலாளியின் கட்டடத்தில், அவர் சம்பளம் கொடுக்கும் நேரத்தில் வேறு வேலைக்குப் பேசுவதும் முறையில்லை. உங்கள் காலக்கெடு பகல் 12 மணிக்கே முடிந்துவிடும் என்றால் மட்டும் அன்று மாலை வீடியோவைக் கேளுங்கள்.

அதே நாளில் நேரத்தை மட்டும் மாற்றுவது நேர்காணல் குழுவுக்குச் சிரமம் குறைந்த வழி. இரண்டு மணி நேரம் தள்ளினால் போதும் என்ற நிலையில் இதைவிட நல்ல கோரிக்கை இல்லை. இவன் நிலைமை வேறு. இராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஆகும். தாக்கலோ இரவு வரை இழுக்கும். இரண்டாவது முறையும் மாற்றச் சொல்லிக் கேட்கும் நிலைமை வந்தால் அதுதான் பெயரைக் கெடுக்கும். ஆகவே தேதியையே மாற்றச் சொல்வது என்று முடிவு செய்தோம்.

எந்தத் தேதி என்பதில் கொஞ்சம் இருந்தால் தவறியிருப்போம். "21, 22, 23 மூணு நாளும் வர்றேன்னு போட்டுடுறேன்" என்றான். 22ஐப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னேன். ஜனவரி என்பதால் காலாண்டுக் கணக்குக் கொடுப்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் அவர்களுக்குக் கடைசி நாள் 22. ஒரு காலக்கெடுவிலிருந்து தப்பித்து இன்னொன்றில் போய் விழுந்திருப்பான். 21 காலையும் வேண்டாம் என்றேன். முந்தின இரவு ஆபீஸில் எத்தனை மணி ஆகுமோ தெரியாது. அதற்கப்புறம் தங்கச்சிமடம் போய், விடியற்காலையில் மதுரைக்குப் பஸ் ஏறினால் தூங்கி வழியும் முகத்தோடுதான் உட்கார வேண்டும். கடைசியில் எழுதியது: 21 புதன் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு, அல்லது 23 வெள்ளி எந்த நேரமும். இப்படி இரண்டு இடைவெளி கொடுத்தால் எதிர்ப்பக்கம் தேர்ந்தெடுக்க வசதி. "உங்களுக்குச் சௌகரியமான நாளைச் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதினால் பணிவு மாதிரித் தெரியும். ஆனால் அவர் ஒரு தேதி சொல்ல, நாம் முடியாது என்று சொல்ல, மெயில் நாலு தடவை போய் வரும்.

காரணம் சொல்வதில் இரண்டு கட்சி. காய்ச்சல் என்று சொல்லிவிடச் சொல்பவர்கள் நிறையப் பேர். நான் அதற்கு முழு எதிரி. நேர்காணல் அறையில் முதல் கேள்வியே "உடம்பு இப்போ எப்படி இருக்கு?" என்று வரும். பொய்யில் தொடங்கி அரை மணி நேரம் பேசுவது கடினம். உண்மையைச் சொன்னால் இங்கே லாபமும் உண்டு. கணக்குத் துறையில் இருப்பவருக்கு 20ஆம் தேதி என்றாலே புரியும். கையில் எடுத்த வேலையை முடித்துவிட்டு வருபவன் என்றும் தெரியும். ஒரு வரி போதும், எந்தக் கடையின் கணக்கு என்பதெல்லாம் வெளியே போகக் கூடாது. அவன் ஆங்கிலத்தில் அனுப்பியதன் சாரம் இது:

"நேர்காணலுக்கு அழைத்ததற்கு நன்றி. 20ஆம் தேதி வரித் தாக்கலுக்குக் கடைசி நாள், அந்தப் பொறுப்பு என்னிடம் இருப்பதால் அன்று வர இயலவில்லை. 21 பிற்பகல் 2 மணிக்குப் பிறகோ, 23 அன்று எந்த நேரமோ நேரில் வர முடியும். இவை ஒத்துவராவிட்டால் 23க்குப் பிறகு 27க்குள் நீங்கள் சொல்லும் நாளில் வருகிறேன். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்."

மன்னிப்பு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. முதல் வரைவில் நாலு இடத்தில் இருந்தது. அவ்வளவு முறை கேட்டால் ஏதோ பெரிய தவறு நடந்த மாதிரி ஆகிவிடும்.

மெயிலா, போனா என்றால் இரண்டும். எழுத்தில் இருப்பதற்காக மெயில் முதலில், வந்த மெயிலுக்கே பதிலாக, சொந்த முகவரியிலிருந்து. ஆபீஸ் முகவரி கூடவே கூடாது. காலண்டர் அழைப்பும் வந்திருந்தது. அதில் அவன் `No` அழுத்தப் போனான். அழுத்தினால் காரணம் எதுவும் இல்லாமல் 'வரவில்லை' என்ற தகவல்தான் முதலில் போய்ச் சேரும். மெயிலுக்குப் பதில் வரும்வரை அதைத் தொடாதே என்றேன். வாட்ஸ்அப் மட்டும் போதுமா என்றால், அந்த ஹெச்ஆர் முதலில் வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் சரி, இல்லாவிட்டால் வேண்டாம்.

பொங்கல் முடிந்து 19ஆம் தேதி சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். ஒரு நாள் முன்பு சொன்னால் அது கடைசி நேர ரத்து. நேர்காணல் எடுப்பவர் வெளியூர்க்காரர் என்றால் பயணச்சீட்டுக்கூட எடுத்திருப்பார். 13ஆம் தேதி இரவே மெயில் போனது. போகி அன்று காலை பத்தரைக்குப் போன் செய்தான். எடுத்த அம்மா, குழுவில் ஒருவர் சென்னையிலிருந்து 20ஆம் தேதிக்கு மட்டும் வருவதாக இருந்தது என்றார். பயணச்சீட்டு இன்னும் போடவில்லையாம். 23 வெள்ளி காலை 11 மணி, சென்னைக்காரர் வீடியோவில், மற்றவர் நேரில் என்று மத்தியானத்துக்குள் மாற்றி அனுப்பிவிட்டார்.

அரசுப் பணித் தேர்வாணையங்களின் நேர்முகத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்புக்கெல்லாம் இதை எதிர்பார்க்காதீர்கள். அங்கே கொடுத்த நாளைப் பொதுவாக நம் வசதிக்கு மாற்றித் தர மாட்டார்கள், விடுப்பு வாங்கிப் போய்விட வேண்டியதுதான். ஒரே நாளில் பலரை வரச் சொல்லி எடுக்கும் வாக்-இன்னும் அப்படித்தான்.

23ஆம் தேதி காலை ஆறு மணிக்குத் தங்கச்சிமடத்தில் பஸ் ஏறினான். உள்ளே போனதும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி: "செவ்வாய்க்கிழமை எத்தனை ரிட்டர்ன் போட்டீங்க?"