சுத்தியலா, ஒலிபெருக்கியா? இரண்டு ஒலிவாங்கிகளால் ஒலியின் வேகத்தை அளத்தல்

உயர்தர மாணவர்கள் ஒலியின் வேகத்தைப் பரிவுக் குழாயில்தான் முதலில் அளக்கிறார்கள். அங்கே நேரம் நேரடியாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு ஒலிவாங்கிகளை ஒரே கோட்டில் வைத்து, ஒரு துடிப்பு முதலாவதைக் கடந்து இரண்டாவதைச் சேர எடுக்கும் நேரத்தை அலைவுகாட்டியில் வாசித்தால் அது தெரிகிறது. 1 மீற்றர் இடைவெளிக்கு அந்த நேரம் 3 மில்லிசெக்கனுக்குச் சற்றுக் குறைவு. அந்தத் துடிப்பை எதனால் எழுப்புவது என்பதில்தான் பரிசோதனையின் பாதி தங்கியிருக்கிறது. இரும்புத் தகட்டில் சுத்தியலால் தட்டலாம். அல்லது சைகைப் பிறப்பாக்கியில் ஒரு சிறிய ஒலிபெருக்கியை இணைத்து 'டிக்' ஒலியை அடுக்கடுக்காக எழுப்பலாம்.

ஒலிவாங்கிப் பகுதி இரண்டு முறைக்கும் ஒன்றுதான். இரண்டு முனை கொண்ட எலெக்ட்ரெட் வில்லை ஒவ்வொன்றுக்கும் 9 வோல்ற்று மின்கலத்திலிருந்து 2.2 கிலோ ஓம் தடையி ஊடாக மின்னைக் கொடுங்கள். தடையியும் வில்லையும் சந்திக்கும் இடத்திலிருந்து 1 மைக்ரோபரட் கொள்ளளவி வழியாக அலைவுகாட்டிக்குக் கம்பி போகட்டும். இரண்டும் ஒரே வகை வில்லைகளாகவும் ஒரே மாதிரிச் சுற்றுகளாகவும் இருக்க வேண்டும். ஒரு சுவடு மேலே எழும்போது மற்றது கீழே இறங்கினால், எந்த இடத்தைப் பார்த்து வாசிப்பது என்பதே குழம்பிவிடும்.

சுத்தியலின் பலம் அதன் ஒலியின் உரப்பும் கூர்மையும். முதல் ஒலிவாங்கி 20 சென்ரிமீற்றர் தள்ளி இருந்தால் பல பத்து மில்லிவோல்ற்று கிடைக்கும், விரியலாக்கி வேண்டியதில்லை. ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு மாதிரி விழுந்தாலும் பாதகமில்லை, ஏனென்றால் இரண்டு ஒலிவாங்கிகளும் கேட்பது அதே ஓர் அடியைத்தான். ஆனால் அது ஒரேயொரு தடவை வந்து போகும் துடிப்பு. ஆகவே திரையில் பிடித்து நிறுத்தக்கூடிய டிஜிட்டல் அலைவுகாட்டி கட்டாயம். நேர அளவை 500 µs/div, ட்ரிகரை CH1, ஏறுமுகம், Single என்று வைத்து, ட்ரிகர் புள்ளியைத் திரையின் இடப்பக்கம் நகர்த்திவிட்டுத் தட்டுங்கள்.

இந்த முறையில் பலரும் கவனிக்காத பொறி மேசைதான். தகடும் ஒலிவாங்கிகளும் ஒரே மேசையில் இருந்தால் அதிர்வு பலகைக்குள்ளால் ஓடி, வளியில் வரும் ஒலியை முந்திக்கொண்டு இரண்டாவது ஒலிவாங்கியை அடைந்துவிடும். உண்மையான துடிப்புக்கு முன்னால் ஒரு சிறு மேடு தெரிந்து, ஒலிவாங்கியைத் தள்ளி வைக்கும்போது அந்த மேடு ஏறக்குறைய அதே இடத்தில் நின்றால் அது மேசையின் வேலை. தகட்டை வேறொரு ஸ்டூலில் வைத்து, அடியில் மடித்த சாக்கு ஒன்றைப் போட்டால் அது மறைந்துவிடும்.

பழைய கதோட்டுக் குழாய் அலைவுகாட்டி மட்டும் உள்ள ஆய்வுகூடத்தில் சுத்தியல் பயன்படாது. சுவடு கண்ணிமைக்குள் வந்து மறையும். அங்கே ஒலிபெருக்கிதான் வழி. 10 ஹேர்ட்ஸ் சதுர அலையைச் சிறிய விரியலாக்கி ஒன்றினூடாகக் கொடுங்கள். அலையின் ஒவ்வொரு ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரு டிக் எழும். ட்ரிகரைச் சைகைப் பிறப்பாக்கியிலிருந்தே வெளியிணைப்பாக எடுத்தால் ஏற்றத்தில் எழும் டிக் மட்டும் நிலையாக நிற்கும். தொடக்க நேரம் எதுவானாலும் நமக்குத் தேவை இரண்டு ஒலிவாங்கித் துடிப்புகளுக்கும் இடையிலான வித்தியாசம்தான். சுவடு மங்கலாக இருக்கும். யன்னல் திரைகளை மூடிவிட்டு வாசியுங்கள்.

இந்த வகை அலைவுகாட்டியில் ஒரு பொத்தான் முழு அளவீட்டையும் கெடுத்துவிடும். ட்ரிகர் மூலம் VERT MODE இல் இருந்தால் சில கருவிகளில் ஒவ்வொரு சுவடும் தன் சொந்தத் துடிப்பிலேயே தொடங்கும். இரண்டும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்று, இடைவெளி பூச்சியம் போலத் தெரியும். ஒலிவாங்கியை நகர்த்தியும் துடிப்பு நகரவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒலிபெருக்கியின் உண்மையான பலவீனம் வேறு. அதன் ஒலி மெல்லியது. ஒலிவாங்கியில் சில மில்லிவோல்ற்றுத்தான் வரும். 50 ஹேர்ட்ஸ் மின்சார இரைச்சலும் அதே அளவில் இருக்கக்கூடும், எனவே ஒலிவாங்கிக்கும் விரியலாக்கி தேவைப்படும். துடிப்பும் கூர்மையாக இராது. கூம்பு பல தடவை ஆடிய பின்பே அடங்கும். பசர் வில்லையைப் பயன்படுத்தினால் நிலைமை இன்னும் மோசம். 4 கிலோஹேர்ட்ஸில் ஆடும் பசரில் ஓர் அலையைத் தவறவிட்டு அடுத்ததை வாசித்தால் 0.25 மில்லிசெக்கன் பிழைத்துவிடும். வரைபில் ஒரு புள்ளி மட்டும் சரியாக அந்த அளவு விலகி நின்றால் காரணம் இதுதான்.

எந்த முறையானாலும் ஒரே தூரத்தில் ஒரே நேரத்தை எடுத்து வகுத்துவிடக் கூடாது. ஏனென்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். வெப்பநிலை 31 பாகை. ஒலிவாங்கிகளுக்கு இடையே 0.20, 0.40, 0.60, 0.80, 1.00 மீற்றர் வைத்தபோது நேரங்கள் முறையே 0.63, 1.20, 1.77, 2.35, 2.92 மில்லிசெக்கன் என்று கொள்வோம். முதலாவதை மட்டும் வகுத்தால் வேகம் 317 மீற்றர்/செக்கன். கடைசியை மட்டும் வகுத்தால் 342. நேரத்தைத் தூரத்துக்கு எதிரே வரைந்து படித்திறனை எடுத்தால் ஒரு மீற்றருக்கு 2.865 மில்லிசெக்கன், அதாவது 349 மீற்றர்/செக்கன். கோடு உற்பத்திக்கூடாகப் போகாமல் 0.055 மில்லிசெக்கனில் வெட்டுகிறது. அது கிட்டத்தட்ட 2 சென்ரிமீற்றருக்குச் சமன். தாங்கியின் குறியிலிருந்து தூரத்தை அளந்துவிட்டு, இரண்டாவது ஒலிவாங்கியின் வில்லை மட்டும் அந்தக் குறிக்கு 2 சென்ரிமீற்றர் பின்னால் இருந்ததை மறந்திருந்தால் இப்படித்தான் வரும். பரிவுக் குழாயில் முனைத் திருத்தம் செய்கிற வேலையை இங்கே வெட்டுத்துண்டு செய்கிறது.

ஆனால் படித்திறன் எல்லா வழுவையும் நீக்காது. தூரம் கூடக் கூட இரண்டாவது துடிப்பு சிறுத்துக்கொண்டே போகும். இரண்டு சுவடுகளிலும் ஒரே வோல்ற்றளவைத் தொடும் இடத்தை வாசித்தால், சிறுத்த துடிப்பு அந்த அளவுக்கு ஏறப் பிந்தும். தூரத்தோடு இந்தப் பிந்தலும் வளர்வதால் அது படித்திறனுக்குள்ளேயே ஒளிந்து வேகத்தைக் குறைத்துக் காட்டும். எழுச்சி மந்தமான ஒலிபெருக்கித் துடிப்பில் இது சுத்தியலைவிடப் பெரிதாக இருக்கும். CH2 இன் volts/div ஐ மாற்றி இரண்டு துடிப்புகளையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து வாசியுங்கள். அல்லது முதல் எழுச்சிக்குப் பிறகு சுவடு பூச்சியக் கோட்டை வெட்டும் இடத்தைக் குறியாகக் கொள்ளுங்கள்; உயரம் மாறினாலும் அந்த இடம் நகராது. உயர முகட்டை மட்டும் தேடக் கூடாது. மேசையில் பட்டுத் தெறித்த ஒலி நேரொலிக்குப் பின்னால் 0.1 மில்லிசெக்கனிலேயே வந்து சேர்ந்து முகட்டை நகர்த்திவிடும்.

கிடைத்த 349 சரியா என்று பார்க்க வெப்பமானி வேண்டும். உலர் வளியில் 31 பாகைக்கு 349.6 எதிர்பார்க்கலாம். வன்னியின் மாரிக்கால ஈரப்பதன் அதில் ஒன்றரை மீற்றரளவு கூட்டும். மார்கழிக் காலையில் 24 பாகையிலும் ஆவணி மதியத்தில் 34 பாகையிலும் எடுத்த விடைகள் 6 மீற்றர்/செக்கன் வேறுபடும். பாடநூலில் உள்ள 330 ஐயோ 340 ஐயோ நோக்கி விடையைத் திருத்த முயல வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே மேல்வளி சூடாக இருக்கும், ஆகவே வெப்பமானி ஒலிவாங்கியின் உயரத்திலேயே தொங்கட்டும்.

அரைச்சுவர் வைத்த ஆய்வுகூடங்களில் கச்சான் வீசும் மாதங்களில் காற்றும் கணக்கில் சேரும். ஒலி போகும் திசையில் 2 மீற்றர்/செக்கன் காற்று இருந்தால் அது அப்படியே விடையில் ஏறும், மின்விசிறியும் அப்படித்தான். விசிறியை நிறுத்துங்கள். காற்றை நிறுத்த முடியாவிட்டால், துடிப்பு மூலத்தை மறுமுனைக்கு மாற்றி எதிர்த் திசையிலும் ஒரு முழு வரிசை எடுத்து, இரண்டு வேகங்களையும் சராசரியாக்குங்கள். மூலத்தைத் தூக்கி வைப்பதற்கும் சுத்தியல் முறையே இலகு. டிஜிட்டல் அலைவுகாட்டி இருக்கிற இடத்தில் ஒலிபெருக்கியைத் தேட வேண்டியதில்லை.