பழைய பதிவுகள்: அழிப்பதா, நண்பர்களுக்கு மட்டும் என்று அடைப்பதா?

பேஸ்புக்கில் 2014-க்கு முன்னால் கணக்குத் திறந்த பலருக்கும் ஒரு தொல்லை உண்டு. அப்போதெல்லாம் எதையும் மாற்றாமல் விட்டால் பதிவு பப்ளிக்காகத்தான் போகும். அந்த வருடம் மே மாதத்துக்குப் பிறகுதான் புதுக் கணக்குகளுக்கு நண்பர்கள் மட்டும் என்பது இயல்பாக வந்தது. எங்கள் வீட்டில் தங்கைக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் இந்தப் பழைய பப்ளிக் பதிவுகள் ஞாபகத்துக்கு வந்தன, ஏனென்றால் இப்போது மாப்பிள்ளை வீட்டார் முதலில் விசாரிப்பது ஊரில் இல்லை, போனில்தான்.

மார்த்தாண்டத்தில் இருக்கும் சித்தி மகன், "எல்லாத்தையும் அழிச்சிரு மக்கா, பிரச்சனை தீந்துது" என்றான். நான் அடைத்தேன்.

அழிப்பது எளிதுதான். Activity log-இல் போய் பதிவுகளைத் தேர்ந்து Trash-க்கு அனுப்பினால் 30 நாள் அங்கே கிடக்கும், அதற்குள் மீட்கலாம், அப்புறம் போனது போனதுதான். ஆனால் நம் பதிவோடு அதன் கீழே மற்றவர்கள் எழுதியதும் போய்விடும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்துப் படகுகளைத் தேடி நாங்கள் போட்ட பதிவுகளில் படகின் பெயர், கடைசியாகப் பேசிய நேரம், வீட்டு போன் நம்பர் எல்லாம் இருந்தன. அன்று அது எல்லோர் கண்ணிலும் பட வேண்டியிருந்தது, இன்று அந்த நம்பர் கண்டவர் கையிலும் கிடக்க வேண்டாம். அதற்காக, லட்சத்தீவில் ஒரு படகு ஒதுங்கியிருக்கிறது என்று யாரோ எழுதி, அதற்குக் கீழே வீட்டார் வந்து பதில் போட்ட கமெண்டுகளை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அடைப்பது ஒரே அழுத்தல். Settings-இல் இருக்கும் தேடல் பெட்டியில் limit என்று போட்டால் Limit who can see past posts வரும், இடம் அடிக்கடி மாறுவதால் மெனுவில் தேடுவதைவிட இது சுலபம். அழுத்தியதும் பப்ளிக்காகவும் நண்பர்களின் நண்பர்களுக்கும் இருந்தவை எல்லாம் நண்பர்களுக்கு மட்டும் ஆகிவிடும், Only me என்று வைத்தவை அப்படியே இருக்கும். நம் பதிவைப் பிறர் ஷேர் செய்திருந்தாலும் நண்பரல்லாதவருக்கு அது திறக்காது. ஆனால் வரிகளை நகலெடுத்துத் தன் பதிவாகப் போட்டவரை இது தொடாது. திருப்பியும் ஒரே அழுத்தலில் திறக்க முடியாது, வேண்டியதை ஒவ்வொன்றாகத்தான் பப்ளிக் ஆக்க வேண்டும். யாரையாவது டேக் செய்திருந்தால் அவருக்கும், பெரும்பாலும் அவருடைய நண்பர்களுக்கும், அந்தப் பதிவு தெரியும்.

இதெல்லாம் சின்ன விஷயம். உண்மையில் முடிவு செய்வது நண்பர் பட்டியல். அழித்துவிட்டால் பராமரிப்பு என்று எதுவும் இல்லை, அடைத்தால் அந்தப் பட்டியல்தான் நம் வீட்டுக் கதவு. நாளைக்கு யாரையாவது புதிதாக நண்பராகச் சேர்த்தால், இன்று முதல் போடுவது மட்டுமல்ல, 2011-இல் போட்டதும் சேர்த்தே அவர் பார்ப்பார். வரன் விஷயத்தில் இது நேரடியாக இடிக்கும். மாப்பிள்ளையின் அக்கா ரிக்வெஸ்ட் அனுப்பினால் மறுக்க முடியுமா? ஏற்றுக்கொண்ட மறுநிமிடமே, அடைத்தது எல்லாம் அவருக்குத் திறந்துவிடும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, பலரும் கவனிக்காதது. நண்பராகச் சேர்த்துவிட்டு அவரை Restricted பட்டியலில் போட்டால், நாம் பப்ளிக்காக வைத்ததும் அவரை டேக் செய்ததும் மட்டும்தான் அவருக்குத் தெரியும். அவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. சும்மா பதிவே போடாத ஆள் போலத் தெரிவோம், அவ்வளவுதான். நான் சேர்க்கும்போதே இதைச் செய்துவிடுகிறேன், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் அந்த இடைவெளியில் பார்த்ததைத் திரும்ப வாங்க முடியாது. ஒக்கி சமயத்தில் முகம் தெரியாமல் சேர்த்தவர்களையும் மெல்ல மெல்ல அதில் தள்ளிக்கொண்டிருக்கிறேன். பட்டியலில் ஆயிரக்கணக்கில் ஆள் வைத்திருப்பவருக்கு இது கட்டுப்படியாகுமா என்று என் அனுபவத்தில் சொல்ல வழியில்லை, அவர்களுக்குச் சித்தி மகன் சொன்னதே சரியாக இருக்கலாம்.

அடைத்த பிறகு View As போய், வெளியாள் என்ன பார்க்கிறார் என்று ஒருமுறை பாருங்கள். இப்போதைய ப்ரொஃபைல் படமும் கவர் படமும் எப்போதும் பப்ளிக்தான். குரூப்களில் எழுதியதும் அடுத்தவர் பதிவில் போட்ட கமெண்டும் இந்த அழுத்தலில் அடங்காது, அவற்றை அங்கங்கே போய்த்தான் அழிக்க வேண்டும். போன் நம்பர் இருந்த பதிவுகளில் நான் பதிவை வைத்துக்கொண்டு நம்பரை மட்டும் எடிட் செய்து எடுத்துவிட்டேன். அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் படங்களை மட்டும் யோசிக்காமல் அழித்தேன்.