மயிலாப்பூர் அரங்கா, தி.நகர் ஓட்டலா: எத்தனை டிக்கெட் விற்றால் முதலுக்கு மோசமில்லை?

ஒரு மெல்லிசை மாலை. டிக்கெட் ரூ.500. இசை நிகழ்ச்சிக்கு நபருக்கு ரூ.500 வரையிலான நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் அதற்கு மேலே போகவில்லை. இரண்டு இடங்களைப் பார்ப்போம். தொகைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை.

மயிலாப்பூரில் 300 இருக்கை அரங்கு. வாடகை 45,000, ஒலி ஒளி 15,000, கலைஞர்களுக்கு 30,000. ஆக, ஒருவர்கூட வராவிட்டாலும் 90,000 செலவு. வருகிறவருக்கு டிபன் காபி 80, ஆன்லைன் புக்கிங் கமிஷன் 20. டிக்கெட்டில் கையில் நிற்பது 400. 90,000-ஐ 400-ஆல் வகுத்தால் 225 பேர்.

தி.நகர் ஓட்டல் ஹாலுக்கு வாடகை இல்லை, பிளேட்டுக்கு 300. கலைஞர்கள், ஒலி சேர்த்து நிலையான செலவு 40,000தான். ஆனால் பிளேட்டும் புக்கிங் கமிஷனும் சேர்ந்து தலைக்கு 320 போனால் மிஞ்சுவது 180. அங்கே 223 பேர் வேண்டும்.

எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் அதன் இருபுறமும் நடப்பது வேறு. 280 பேர் வந்தால் மயிலாப்பூரில் 22,000 லாபம், ஓட்டலில் 10,400. 150 பேரே வந்தால் மயிலாப்பூரில் 30,000 நஷ்டம், ஓட்டலில் 13,000. கூட்டம் வருமோ வராதோ என்று பயப்படுகிறவருக்கு ஓட்டல்தான் என்று தோன்றும்.

அங்கேதான் கொட்டேஷனின் கடைசி வரியைப் படிக்க வேண்டும்: ‘குறைந்தபட்சம் 200 பிளேட்’. அப்படியானால் 200 பேர் வரைக்கும் அந்த 60,000-உம் நிலையான செலவுதான். 150 பேர் வந்தால் நஷ்டம் 28,000 ஆகிவிடும். 100 பேர் என்றால் 52,000. மயிலாப்பூரில் அதே கூட்டத்துக்கு 50,000. ஓட்டலின் பாதுகாப்பு அவ்வளவுதான்.

அப்புறம் பாஸ். நம் ஊரில் பாஸ் கொடுக்காமல் கச்சேரி நடத்த முடியாது. 25 பாஸ் என்று வையுங்கள். மயிலாப்பூரில் அவர்களின் டிபன் செலவு 2,000, அதை ஈடுகட்ட ஐந்து டிக்கெட் கூடுதலாக விற்றால் போதும், 230. ஓட்டலில் 25 பிளேட் 7,500 ரூபாய். அதை 180 180 ஆகத்தான் சேர்க்க முடியும் என்பதால் விற்க வேண்டிய டிக்கெட் 264 ஆகிறது. பாஸ்காரர்களோடு சேர்த்தால் 289 பேர். கணக்கைப் போடும்போது இவர்களைத் தலை எண்ணிக்கையில் சேர்த்து, வருமானத்தில் விட்டுவிட வேண்டும். இதில்தான் பல குழுக்களின் கணக்கு இடிக்கிறது.

எனக்கு மயிலாப்பூர்தான் சரி என்று படுகிறது. ஓட்டல்காரர் குறைந்தபட்ச பிளேட்டை 100-க்கு இறக்கி, பாஸ் பத்துக்குள் நின்றால் மட்டுமே தி.நகரை யோசிப்பேன்.